சிங்க் வாங்கும் முன் கிரானைட்டைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு அடுப்படி சிங்க் போன வருஷம் ஒழுக ஆரம்பித்தது. தண்ணீர் இறங்கும் ஜாலியைச் சுற்றித் துரு ஏறி, தகடு பொத்தலாகியிருந்தது. 2009-இல் வீடு கட்டியபோது போட்ட தொட்டி. புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்து பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் மேடைக்குக் கீழே குனிந்து, டார்ச் அடித்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சார், இதை எடுக்கணும்னா கல்லை உடைக்கணும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நம் ஊரில் பெரும்பாலான சமையல் மேடைகள் இரண்டு அடுக்காக இருக்கும். அடியில் கடப்பா கல், அல்லது கான்கிரீட் பலகை. அதன்மேல் கலவை போட்டு, முக்கால் அங்குல கனத்தில் கிரானைட் பதித்திருப்பார்கள். அக்கா வீட்டில் கொத்தனார் முதலில் கடப்பா கல்லில் ஓட்டை போட்டு, சிங்க்கை அதில் தொங்கவிட்டிருக்கிறார். பிறகு அதன் விளிம்பின் மேலேயே கிரானைட்டைப் பதித்துவிட்டார். மேலிருந்து பார்த்தால் விளிம்பே தெரியாது, அழகாக இருக்கும். கடைக்காரரும் மேஸ்திரியும் இதை அண்டர் மவுண்ட் என்றே சொல்வார்கள். ஆனால் தொட்டியின் விளிம்பு இரண்டு கற்களுக்கு நடுவே சிமெண்டில் புதைந்து கிடக்கிறது. அதை மேலேயும் தூக்க முடியாது, கீழேயும் இறக்க முடியாது.

வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். சிங்க் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஒரு குழியா இரண்டு குழியா என்றுதான். அடுத்து விலை, அதற்கடுத்து பளபளப்பு. எப்படிப் பொருத்துவது என்ற கேள்வி கடைசியில், கல் வெட்டுகிறவர் வீட்டுக்கு வந்து மெஷினைக் கையில் எடுத்த பிறகுதான் வருகிறது. அந்த வரிசையை மாற்ற வேண்டும். நல்ல கிரானைட் முப்பது நாற்பது வருஷம் அப்படியே கிடக்கும். எவர்சில்வர் தொட்டி உப்புத் தண்ணீர் ஊரில் அத்தனை நாள் தாங்காது. ஆகவே ஒரே கல்லில் இரண்டு மூன்று தொட்டிகளாவது மாறப் போகின்றன என்று வைத்துக்கொண்டே முதல் தொட்டியைப் பொருத்த வேண்டும்.

பொருத்தும் முறைக்குப் போகும் முன் குழிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அதற்கு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாமல் நம் பாத்திர அலமாரிக்குப் போக வேண்டும். வீட்டில் இருப்பதிலேயே பெரிய வாணலி எது, தோசைக்கல் எவ்வளவு அகலம், இட்லிப் பானை எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு முறையாவது கழுவும் பாத்திரம் என்றால் போதும். பொங்கலுக்கு மட்டும் இறங்கும் அண்டாவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது எப்படியும் பின்கட்டுக்குத்தான் போகும்.

சிங்க் பெட்டியில் போட்டிருக்கும் அளவு விளிம்போடு சேர்ந்த வெளி அளவு. 24-க்கு 18 என்றால் உள்ளே குழி ஏறக்குறைய 22-க்கு 16 அங்குலம்தான். இரட்டைக் குழி சிங்க்குகளில் நிறைய விற்பது 37-க்கு 18. இரண்டு பக்க விளிம்பும் நடுத் தடுப்பும் போக, ஒவ்வொரு குழிக்கும் கிடைப்பது சுமார் 16-க்கு 15 அங்குலம். அக்கா வீட்டு வாணலியின் வாய் 14 அங்குலம். அந்த 15 அங்குலக் குழியில் அது உட்காரும், ஆனால் முன்னும் பின்னும் அரை அங்குலம்தான் மிச்சம். தேய்க்கும் கை நுழையாது. வாணலியைத் தூக்கித் தடுப்பின்மேல் சாய்த்து வைத்துத்தான் தேய்க்க வேண்டும், அப்போது அழுக்குத் தண்ணீர் பக்கத்துக் குழியில் தெறிக்கும். 12 அங்குல தோசைக்கல்லும் கைப்பிடியோடு சேர்ந்து 19 அங்குலம் வந்தால் படுக்காது. 22-க்கு 16 குழியில் இரண்டும் தாராளமாகப் படுக்கும்.

இரட்டைக் குழி வந்த வழியைத் தெரிந்துகொண்டால் அது யாருக்கு உதவும் என்பது புரியும். மேலை நாட்டு வீடுகளில் கையால் பாத்திரம் கழுவும்போது ஒரு குழியை அடைத்துச் சோப்புத் தண்ணீர் நிரப்பிக்கொள்வார்கள். அதில் ஊறவைத்துத் தேய்த்து, அடுத்த குழியில் நல்ல தண்ணீரில் அலசி, பக்கத்துப் பலகையில் வடிய வைப்பார்கள். தட்டும் கோப்பையும் முள்கரண்டியும் அதிகம் புழங்கும் வீட்டுக்கு அது பொருந்திய முறை. நாம் பத்துப் பாத்திரத்தைக் குவித்து வைத்து, நாரில் சோப்பைத் தொட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்து, பிறகு ஓடும் குழாயில் வரிசையாக அலசுகிறோம். நமக்கு வேண்டியது தேய்த்த பாத்திரமும் தேய்க்காத பாத்திரமும் கொஞ்ச நேரம் சேர்ந்து கிடக்க இடம். அதை ஒரு பெரிய குழி, இரண்டு சின்னக் குழிகளைவிட நன்றாகத் தரும்.

அக்கா இரட்டைக் குழிதான் கேட்டாள். "தம்பி, மீன் கழுவின தொட்டியிலேயே கீரை அலச எனக்கு மனசு வரலை" என்றாள். நியாயமான காரணம்தான். ஆனால் அவள் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் தனிக் குழாயும் சின்னத் தொட்டியும் இருக்கின்றன. மீன் அங்கே போகட்டும், கீரைக்கு ஒரு பெரிய எவர்சில்வர் பேசினைத் தொட்டிக்குள் வைத்துக்கொண்டால் அதுவே இரண்டாவது குழி என்றேன். வேலை முடிந்ததும் பேசினைத் தூக்கி ஆணியில் மாட்டிவிடலாம், தடுப்பை அப்படித் தூக்க முடியாது. அடுக்குமாடியில் பின்பக்கத் தொட்டி இல்லாத வீடு, அசைவம் அடிக்கடி சமைக்கும் வீடு, மேடையும் நீளம் என்றால் நானே இரட்டைக் குழி போடச் சொல்வேன். அப்போதும் இரண்டும் ஒரே அளவாக இல்லாமல், ஒன்று பெரிதும் மற்றது அதில் பாதியுமாக இருக்கிற வகையைத் தேடுங்கள்.

இரட்டைக் குழி வாங்குகிறவர்கள் கீழே நடப்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு குழிக்கும் இரண்டு வாய். இரண்டு குழாயும் மேடைக்கு அடியில் சேர்ந்து ஒரே வழியாக வெளியே போகின்றன. அந்த ஒரு வழி அடைத்துக்கொண்டால், இந்தப் பக்கம் ஊற்றிய எச்சில் தண்ணீர் அந்தப் பக்கக் குழியில் மேலே வரும். கீரை அலசக் காத்திருக்கும் குழியிலேயே வரும். இணைப்புகள் கூடக் கூடக் கசியும் இடங்களும் கூடும்.

ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 10 அங்குல ஆழம் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். மேடை 33 அங்குல உயரம் என்றால், குழியின் அடித்தளம் தரையிலிருந்து 23 அங்குலத்தில் இருக்கும். ஐந்தடி உயரமுள்ள பெண் அரைமணி நேரம் அதில் குனிந்து தேய்த்தால் இடுப்பு சொல்லும். 8 அங்குலம் போதும், 9 அங்குலம் தாராளம். கல்லுக்கு அடியில் பொருத்தும்போது கிரானைட் கனமும் சேர்ந்து இன்னும் முக்கால் அங்குலம் கீழே போகும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி டிரெயின் போர்டு. குழிக்குப் பக்கத்தில் வரிவரியாகப் பள்ளம் போட்ட, குழியை நோக்கிச் சரிந்த எவர்சில்வர் பலகை. கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் மேடையில் பரவாமல் குழிக்கே திரும்பும். நல்ல பொருள்தான், ஆனால் அது உட்காரும் இடத்துக்கு நாம் விலை கொடுக்கிறோம். அக்கா வீட்டு மேடையை அளந்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். எட்டரை அடி, அதாவது 102 அங்குலம். அடுப்புக்கு 28 அங்குலம். மிக்ஸியும் கிரைண்டரும் நிற்க 22 அங்குலம். மீதி 52 அங்குலம். அவள் கடையில் பார்த்து ஆசைப்பட்டது, இரண்டு குழியும் டிரெயின் போர்டும் சேர்ந்த 45 அங்குல சிங்க். அதை வைத்தால் காய் நறுக்க 7 அங்குலம்தான் மிச்சம், ஒரு அருவாமணைப் பலகைகூட உட்காராது. ஒரு குழியும் டிரெயின் போர்டும் சேர்ந்த 37 அங்குலம் வைத்தால் 15 அங்குலம் மிஞ்சும். 24 அங்குல வெறும் ஒற்றைக் குழி என்றால் 28 அங்குலம் மிஞ்சும். அக்கா அந்தத் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு 24-ஐ வட்டமிட்டாள்.

நறுக்கும் இடமும் வடியும் இடமும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதில்லை. அதனால் குழியின் குறுக்கே சுருட்டி விரிக்கும் எவர்சில்வர் கம்பித் தட்டு, அல்லது தொட்டிக்கு மேலே சுவரில் மாட்டிய பாத்திரக் கூடை, டிரெயின் போர்டின் வேலையை மேடையைத் தின்னாமல் செய்யும். சுவர்க் கூடையிலிருந்து சொட்டும் தண்ணீர் நேராகக் குழிக்குள் விழும்படி மாட்ட வேண்டும், அவ்வளவுதான். மேடை பத்து, பன்னிரண்டு அடி இருந்தால் டிரெயின் போர்டு தாராளமாக வாங்கலாம். எந்தப் பக்கம் என்று யோசித்து வாங்குங்கள். வலக்கைக்காரர் இடக்கையில் பாத்திரத்தைப் பிடித்து வலக்கையால் தேய்க்கிறார், கழுவியதை இடப்பக்கம் கவிழ்ப்பது அவருக்கு இயல்பு. ஆனால் இடப்பக்கம் அடுப்பு இருந்தால் எண்ணெய்த் துளி கழுவிய பாத்திரத்தில் தெறிக்கும், அப்போது வலப்பக்கமே சரி. குழாய்த் துளை போடாமல் வரும் சிங்க்கைத் திருப்பி எந்தப் பக்கமும் வைத்துக்கொள்ளலாம்.

டிரெயின் போர்டு சிங்க் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பொருத்தும் முறையும் அதோடு முடிவாகிவிடுகிறது. அந்தப் பலகை கல்லுக்கு மேலே உட்கார்ந்தால்தான் பயன், ஆகவே அது டாப் மவுண்ட். கல்லுக்கு அடியில் பொருத்துகிறவர்கள் டிரெயின் போர்டுக்குப் பதிலாகக் கிரானைட்டிலேயே பள்ள வரிகள் வெட்டச் சொல்வதுண்டு. கல்லின் மேற்பரப்பைச் சரிவாகத் தேய்த்து, வரியின் உட்பக்கத்தையும் மெருகு ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும். வெறும் கட்டிங் மெஷினால் கோடு கிழித்துவிட்டுப் போனால் அந்தக் கோட்டில் தண்ணீர் தேங்கி உப்புப் படியும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

டாப் மவுண்ட் என்பது எளிய வேலை. கல்லில் சிங்க்கின் வெளி அளவைவிடப் பக்கத்துக்கு அரை அங்குலம் குறைத்து ஓட்டை வெட்டுகிறார்கள். 24-க்கு 18 சிங்க் என்றால் ஓட்டை 23-க்கு 17. தொட்டி மேலிருந்து இறங்குகிறது, விளிம்பு கல்லின்மேல் உட்கார்ந்து எடை முழுவதையும் தாங்குகிறது. விளிம்புக்கு அடியில் சிலிக்கான், கீழிருந்து இழுத்துப் பிடிக்கக் கிளிப்புகள். வெட்டு விளிம்புக்குள் மறைந்துவிடுவதால் மெருகு தேவையில்லை. பத்து வருஷம் கழித்துத் தொட்டி போனால், சிலிக்கானைப் பிளேடால் அறுத்துத் தூக்கிவிட்டு, அதே வெட்டளவுள்ள இன்னொன்றை இறக்கலாம்.

குறை ஒன்றுதான், ஆனால் நம் வீட்டுப் பெண்கள் அதை ஒவ்வொரு நாளும் உணர்கிறார்கள். சமையல் முடிந்ததும் மேடையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, சோற்றுப் பருக்கையையும் காய்த் தோலையும் தொட்டிக்குள் தள்ளுவது நம் பழக்கம். டாப் மவுண்ட் விளிம்பு அதை வரப்புபோலத் தடுக்கிறது. விளிம்பை ஒட்டித் தண்ணீர் நிற்கிறது, அழுக்கு சேர்கிறது. அதனால் விளிம்பு தட்டையாக, நகம் தட்டாத அளவு மெல்லியதாக இருக்கும் சிங்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் விளிம்பின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள், உருண்டு மேலெழும்பி இருந்தால் வேண்டாம். இன்னும் ஒரு படி போய், விளிம்பின் கனத்துக்குக் கல்லில் பள்ளம் எடுத்து அதில் சிங்க்கைச் சமமாக உட்கார வைக்கும் முறையும் உண்டு. கல் வேலைக்காரர் கைத்திறன் உள்ளவரானால் அது மிக நல்ல முறை.

அண்டர் மவுண்டின் மொத்த அழகும் அந்த வரப்பு இல்லாததுதான். மேடையைத் துடைத்த கை நிற்காமல் தொட்டிக்குள் போகிறது. அதற்குக் கொடுக்கும் விலை மூன்று இடங்களில் வருகிறது. கல்லின் வெட்டுமுகம் கண்ணுக்குத் தெரிவதால் அதை முழுவதும் மெருகு ஏற்ற வேண்டும். குக்கரைத் தூக்கி இறக்கும்போது அந்த முனையில்தான் இடிக்கும், கூராக விட்டால் சில்லு பெயரும். அதனால் மேல்முனையை லேசாக உருட்டிவிடச் சொல்ல வேண்டும். மூன்றாவது, தொட்டியின் எடை கல்லின்மேல் இல்லை, கல்லிலிருந்து தொங்குகிறது.

இந்த மூன்றாவதைத்தான் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 22-க்கு 16-க்கு 9 அங்குலக் குழி நிரம்பினால் 50 லிட்டருக்கு மேல் பிடிக்கும். 50 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைக் கல்லின் அடியில் பசை போட்டு ஒட்டித் தொங்கவிட்டது மாதிரி. சிலிக்கான் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பொருள், சுமை தூக்க அதை நம்பக் கூடாது. ஆகவே சிங்க்கின் இரு பக்கமும் விளிம்புக்கு அடியில் எவர்சில்வர் அல்லது துத்தநாகம் பூசிய இரும்பு ஆங்கிள் ஒவ்வொன்று போய், அது மேடையைத் தாங்கும் சுவரிலோ பெட்டியிலோ நிற்க வேண்டும். கிளிப் மட்டும் போதும் என்று வேலைக்காரர் சொன்னால், தொட்டியை நிரப்பி ஒரு இரவு விடலாமா என்று கேளுங்கள்.

பொருத்தும் வரிசை இதுதான். சிங்க் முதலில் வீட்டுக்கு வர வேண்டும், ஓட்டை பிறகுதான். பெட்டியில் இருக்கும் காகித அச்சை நம்புவதற்கு முன் சிங்க்கையே கவிழ்த்து அளந்து பாருங்கள். மூலைகளைச் செங்கோணமாக வெட்ட விடாதீர்கள். மூலையில் முதலில் வட்டமாகத் துளை போட்டு, துளைக்குத் துளை நேர்கோட்டில் வெட்ட வேண்டும். கட்டிங் மெஷின் பிளேடு ஒரு கோட்டைத் தாண்டி அடுத்த கோட்டில் கொஞ்சம் ஓடியிருந்தாலும், அந்தக் கீறலிலிருந்துதான் பிற்பாடு முன்பக்கக் கல் விண்டுபோகிறது. வெட்டி, மெருகு போட்ட பிறகு கல்லின் அடிப்பக்கத்தையும் சிங்க்கின் விளிம்பையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவிட வேண்டும். ஈரமோ கல்பொடியோ இருந்தால் சிலிக்கான் பிடிக்காது. விளிம்பைச் சுற்றி இடைவெளி விடாமல் ஒரே திரியாகச் சிலிக்கானை இழுத்து, சிங்க்கைக் கீழிருந்து தூக்க வேண்டும். மேடையின்மேல் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டு, தண்ணீர் இறங்கும் ஓட்டை வழியாகக் கிளாம்பு மாட்டி அந்தக் கட்டையோடு இறுக்கினால் தொட்டி அசையாது. பிறகு கிளிப், பிறகு ஆங்கிள். 24 மணி நேரம் யாரும் தொடக் கூடாது.

சிலிக்கானில் ஒரு நுணுக்கம் உண்டு. குழலைத் திறந்ததும் வினிகர் போலப் புளிப்பு வாடை அடிக்கும் வகை, காயும்போது அமிலத்தை விடுகிறது. கிரானைட்டை அது அவ்வளவாகத் தொடாது. ஆனால் கடப்பா சுண்ணாம்புக் கல் வகை, மார்பிளும் அப்படித்தான். அமிலம் பட்ட இடத்தில் கல்லின் மேல்தோல் அரித்து, பிடிப்பு விட்டுவிடும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள்.

கல் எவ்வளவு தூரம் குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று வெட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். தொட்டியின் உட்சுவரும் கல்லும் ஒரே கோட்டில் இருந்தால் துடைக்க மிக எளிது, ஆனால் வெட்டு ஒரு நூல் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். கல்லைக் கால் அங்குலம் நீட்டிவிட்டால் பிசகு மறையும், ஆனால் அந்த நீட்டலின் அடிப்பக்கம் எப்போதும் ஈரமாக, கண்ணில் படாமல் இருக்கும். பல வீடுகளில் நான் விரலை அங்கே விட்டுப் பார்த்திருக்கிறேன், வழுவழுவென்று கரும்பாசி ஒட்டிக்கொண்டு வரும். கல் ஒரு நூல் நீட்டினால் போதும்.

இத்தனையும் கிரானைட் மட்டும் தனியாக, பிளைவுட் பெட்டிகளின்மேல் உட்காரும் மாடுலர் அடுப்படிக்குச் சரியாக வரும். அடியில் கடப்பா அல்லது கான்கிரீட் இருக்கும் மேடையில் கணக்கு மாறுகிறது. சிங்க் கீழிருந்து ஏறிக் கிரானைட்டைத் தொட வேண்டும் என்றால், அடிக்கல்லின் ஓட்டை சிங்க்கின் வெளி அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 24-க்கு 18 சிங்க்குக்கு அடியில் 26-க்கு 20. மேடையின் ஆழமே 24 அங்குலம். முன்னும் பின்னும் அடிக்கல்லில் இரண்டிரண்டு அங்குலப் பட்டைதான் மிஞ்சும். கடப்பா அவ்வளவு மெலிந்த பட்டையாக நிற்காது. இந்தச் சிரமத்தைத் தவிர்க்கத்தான் கொத்தனார்கள் அடிக்கல்லில் சிறிய ஓட்டை போட்டு, விளிம்பை நடுவே வைத்துப் பூசிவிடுகிறார்கள். அன்றைக்கு வலுவாகத்தான் இருக்கும். கழற்ற வேண்டிய நாளில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். அதனால் இரட்டை அடுக்கு மேடைக்கு டாப் மவுண்டே போடுங்கள் என்பது என் முடிவு. மேடை துடைக்கிறவர் அந்த வரப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், அதற்காகத்தான் மெல்லிய விளிம்பைத் தேடச் சொன்னேன்.

அக்கா வீட்டில் கடைசியில் என்ன செய்தோம்? கிரானைட்டை மாற்ற நினைத்தால் அதே நிறக் கல் கிடைக்கவில்லை. பழைய தொட்டியின் விளிம்பைத் தோண்டி எடுக்க முயன்றால் முன்பட்டை உடையும். எனவே விளிம்பைப் புதைந்த இடத்திலேயே விட்டுவிட்டு, குழியை மட்டும் உள்பக்கமாக அறுத்து எடுக்கச் சொன்னேன். கிரானைட்டில் பழைய ஓட்டை 22-க்கு 16 இருந்தது. தண்ணீர் விட்டுக்கொண்டே அதைச் சுற்றிலும் அரை அங்குலம் அகலப்படுத்தி 23-க்கு 17 ஆக்கினார் கல் வேலைக்காரர். கிரானைட்டுக்கு அடியில் இருந்த பழைய தகடும் அதோடு சேர்ந்து அறுபட்டது, அடிக்கல்லிலும் இடித்த இடங்களைச் செதுக்கிவிட்டார். முன்பக்கம் மூன்றரை அங்குலக் கல் மிஞ்சியது, அதற்கு அடியில் கடப்பா தாங்குவதால் பயமில்லை. பின்பக்கமும் மூன்றரை. குழாய் சுவரில் இருப்பதால் பின்பக்கக் கல்லில் துளை போடும் வேலை இல்லை. புதிய 24-க்கு 18 தொட்டி மேலிருந்து இறங்கி, அதன் விளிம்பு பழைய வெட்டையும் புதிய வெட்டையும் சேர்த்து மூடிக்கொண்டது. இரண்டு கல்லும் நடுவே கலவையும் சேர்ந்து கனமாக இருந்ததால் கூட வந்த கிளிப்புகள் எட்டவில்லை. எடை கல்லின்மேல் நிற்கிற தொட்டி என்பதால் சிலிக்கானோடு விட்டோம்.

தொட்டி வாங்கும்போது கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை, ஆகவே உயர்ந்த எவர்சில்வர் என்றார். அந்தச் சோதனை பாதிதான் உண்மை. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 வகையில் காந்தம் ஒட்டாது. நிக்கல் குறைந்த, விலையும் குறைந்த 202 வகையிலும் ஒட்டாது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் முதலில் பழுப்புப் புள்ளி விழுவது 202-இல்தான். தொட்டியில் 304 என்று பொறித்திருக்கிறதா, அதையே பில்லிலும் எழுதித் தருகிறாரா என்று பார்ப்பது காந்தத்தைவிட நல்ல சோதனை. ஜாலியோடு சேர்ந்த வளையமும் அதே தரமா என்று கேளுங்கள். அக்காவின் பழைய தொட்டியில் துரு முதலில் பிடித்தது அந்த வளையத்தில்தான்.

பொருத்திய மறுநாள் ஜாலியை அடைத்துத் தொட்டியை வாய்வரை நிரப்பினோம். கீழே வாய் இணைப்பைச் சுற்றியும், விளிம்பின் அடியில் நான்கு பக்கமும் மெல்லிய காகிதத்தை ஒற்றிப் பார்த்தோம். கையால் தடவினால் தெரியாத கசிவு காகிதத்தில் தெரிந்துவிடும். அரைமணி நேரம் கழித்து அடைப்பை ஒரேயடியாகத் திறந்துவிட்டு மறுபடி ஒற்றினோம், ஏனென்றால் நின்ற தண்ணீருக்குத் தாங்கும் இணைப்பு வேகமாகப் போகும் தண்ணீருக்குக் கசியக்கூடும். காகிதம் காய்ந்தே இருந்தது. இதே சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். அண்டர் மவுண்ட் போட்டவர்கள் கூடவே கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவே கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் தொட்டி இறங்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். உடனே அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், அதற்குள் தொட்டியை நிரப்பாதீர்கள்.

மேடைக்குக் கீழே இருக்கும் கதவின் உள்பக்கத்தில் அக்கா ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். கிரானைட் வெட்டு 23-க்கு 17, மேலிருந்து இறக்கியது, கீழே கிளிப் இல்லை, பழைய விளிம்பு உள்ளே இருக்கிறது, போட்ட தேதி. அடுத்த தொட்டியை மாற்ற வருகிற பிளம்பர் யாராக இருந்தாலும் டார்ச் அடித்ததும் முதலில் அதைத்தான் படிப்பார்.